எட்டு கிராம் காசா, எட்டு கிராம் செயினா? ரசீதை வைத்தே ஒரு கணக்கு

கொமரலிங்கத்தில் தங்கம் வாங்க இரண்டு பருவம் உண்டு. அமராவதித் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்ற பணம் கைக்கு வரும் நேரம் ஒன்று. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் தீபாவளி போனஸ் போடும் நேரம் இன்னொன்று. இரண்டு நேரத்திலும் பஸ் பெரும்பாலும் உடுமலைப்பேட்டைக்குத்தான். கல்யாண நகை என்றால் கோயம்புத்தூர் வரைக்கும் போவார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் ஒரு ஆலோசனை வந்துவிடும். "காசா வாங்கி வெச்சுக்குங்க. சேதாரம் இல்ல, நஷ்டமே இல்ல." உடன் வந்த சொந்தக்காரர்களும் இதையே சொல்வார்கள். இது பாதி சரி. மீதிப் பாதி, அந்தக் காசை நீங்கள் எங்கே, என்ன விலைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மில்லுக்குப் போகும் ஒரு அம்மா, பள்ளியில் படிக்கும் மகளுக்காக ஒரு பவுன் சேர்க்க நினைக்கிறார். ஒரு பவுன் என்றால் 8 கிராம். தங்கம் விலை தினமும் மாறுவதால், கணக்கு எளிதாக இருக்க 22 காரட் கிராம் ₹10,000, 24 காரட் கிராம் ₹10,900 என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் கடைக்குப் போகும் அன்றைய விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.

வாங்கும் அன்று

முதலில் செயின். 22 காரட், 8 கிராம், சேதாரம் 12 சதவீதம், கல் எதுவும் இல்லை, செய்கூலி தனியாக இல்லை. 8 கிராமுக்கு 12 சதவீதம் என்றால் 0.96 கிராம். ஆக 8.96 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அது ₹89,600. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி ₹2,688. ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு ₹45, வரியோடு சுமார் ₹53. மொத்தம் ₹92,341.

கையில் இருப்பது 8 கிராம்தான். அந்த 0.96 கிராம் யாரிடமும் இல்லை. பட்டறையில் அராவும்போதும் உருக்கும்போதும் தூளாகப் போகும் தங்கத்துக்கு ஈடாக வாங்கியதால்தான் அதற்குச் சேதாரம் என்று பெயர். இன்றைக்கு மெஷினில் வார்க்கும் செயினில் அவ்வளவு தங்கம் வீணாவதில்லை. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. நடைமுறையில் அது வேலைப்பாட்டுக்கும் கடையின் லாபத்துக்குமான விலை. சதவீதத்துக்கு அரசு உச்சவரம்பு எதுவும் இல்லை. சாதாரண செயின், வளையலுக்குக் குறைவாகவும், நகாசு வேலை செய்த நகைக்கு 20 சதவீதத்தைத் தாண்டியும் இருக்கும். அதனால் தயங்காமல் பேரம் பேசலாம். இரண்டு சதவீதம் குறைந்தாலே இந்தச் செயினில் ₹1,600 மிச்சம்.

அடுத்து காசு. 24 காரட், 8 கிராம். தங்கத்தின் விலை ₹87,200. சேதாரம் இல்லை என்று சொன்னாலும், அச்சடிக்கும் கூலி, பேக்கிங் என்று ஏதாவது ஒன்று சேரும். அதை 2 சதவீதம் என்று வைத்தால் ₹1,744. ஜிஎஸ்டி காசுக்கும் 3 சதவீதம்தான், இங்கே ₹2,668. மொத்தம் ₹91,612.

ஏறக்குறைய ஒரே தொகைதான். வித்தியாசம் தெரிவது திருப்பிக் கொடுக்கும் அன்றைக்கு.

திருப்பிக் கொடுக்கும் அன்று

விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் செலவு மட்டும் தனியாகத் தெரியும். செயினைக் கொண்டுபோனால் 8 கிராமுக்கு ₹80,000 மதிப்புப் போடுவார்கள். சேதாரமும் வரியும் திரும்பி வராது. நஷ்டம் ₹12,341. காசைக் கொண்டுபோனால், 24 காரட் விலைப்படி ₹87,200 வர வேண்டும். அப்படி வந்தால் நஷ்டம் ₹4,412 மட்டும். காசுதான் லாபம் என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

ஆனால் எல்லாக் கடையிலும் அப்படி எடுப்பதில்லை. "எடைக்கு எடை எடுத்துக்கறோம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். எட்டு கிராம் காசு கொடுத்தால் எட்டு கிராம் 22 காரட் நகைக்குக் கழிவு. இதில் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். 24 காரட் என்பது ஆயிரத்துக்கு 999 பங்கு தங்கம். 22 காரட்டில் 916 பங்குதான் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. அப்படியென்றால் 8 கிராம் 24 காரட் காசில் இருக்கும் தங்கம், சுமார் 8.72 கிராம் 22 காரட் நகைக்குச் சமம். எடைக்கு எடை கொடுத்தால் 0.72 கிராம், அதாவது ₹7,200, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ₹4,412 என்ற நஷ்டம் ₹11,612 ஆகிவிடும். செயினின் நஷ்டத்துக்குக் கிட்டத்தட்ட சமம். சேதாரம் இல்லாமல் வாங்கியதன் பயன் அத்தோடு தீர்ந்தது.

எனவே காசு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. "இதைத் திருப்பிக் கொண்டுவந்தா 24 காரட் ரேட்டுல எடுப்பீங்களா, 22 காரட் ரேட்டுல எடுப்பீங்களா? ரொக்கமா தருவீங்களா, நகைக்கு மட்டும் கழிப்பீங்களா?" பதிலை ரசீதின் பின்னாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதற்கு ஆறு வருடம் கழித்து ஆதாரம் இருக்காது. அன்றைக்குப் பேசிய ஊழியரும் அங்கே இருக்க மாட்டார்.

வங்கியில் காசு வாங்குவோருக்கு ஒரு தகவல். வங்கி விற்கும் காசு சுத்தமாக இருக்கும், பேக்கிங்கும் நன்றாக இருக்கும். ஆனால் வங்கிகள் தாங்கள் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை. கடைசியில் ஒரு நகைக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அது வெளிக்காசு. உரசியோ, காரட் மீட்டரில் வைத்தோ, சில சமயம் உருக்கியோ பார்த்துத்தான் எடுப்பார்கள். மத்திய அரசு 2015 நவம்பரில் அறிமுகப்படுத்திய இந்தியத் தங்கக் காசு ஒரு பக்கம் அசோகச் சக்கரமும் மறுபக்கம் காந்தியும் பொறித்தது. எம்எம்டிசி மூலம் விற்கப்பட்ட இதற்கு ஹால்மார்க்கும் உண்டு, திரும்ப வாங்கும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அந்த வசதி இப்போதும் கிடைக்கிறதா, எந்த ஊர் மையத்தில் என்று விசாரித்த பிறகே வாங்குவது நல்லது.

மகள் அதைப் போடப்போகிறாளா?

விற்பதற்காக இல்லாமல், ஒரு நாள் நகையாக்குவதற்காகவே காசு சேர்ப்பவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்குக் கணக்கு வேறு.

அந்த அம்மா காசை 24 காரட் விலையிலேயே கொடுத்து, அதே 8 கிராம் செயினை எடுக்கிறார் என்று வைப்போம். செயின் ₹92,341. காசுக்குக் கழிவு ₹87,200. கையிலிருந்து ₹5,141 போட வேண்டும். காசுக்கு முதலில் கொடுத்ததோடு சேர்த்தால் மொத்தம் ₹96,753. நேராகச் செயினே வாங்கியிருந்தால் ₹92,341தான். சேதாரத்தை அவர் தவிர்க்கவில்லை, தள்ளித்தான் போட்டிருக்கிறார். இடையில் விலை ஏறியிருந்தால் சேதாரமும் ஏறிய விலையில்தான் போடப்படும். ஜிஎஸ்டியும் இரண்டு முறை. பழைய தங்கத்தைக் கழித்த மீதித் தொகைக்கு மட்டும்தான் வரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். புது நகையின் முழு மதிப்புக்கும் வரி உண்டு.

அப்படியென்றால் இன்றைக்கே செயின் வாங்குவதுதான் நல்லதா? இன்னும் ஒரு வருடத்தில் கல்யாணம், டிசைனும் முடிவாகிவிட்டது என்றால், ஆமாம். பத்து வயதுப் பெண்ணுக்கு என்றால் யோசிக்க வேண்டும். பத்து வருடம் கழித்து, "இந்த மாடலை யாரும்மா போடுவாங்க?" என்று அவள் கேட்டால் செயினைக் கொடுத்து வேறு செயின் எடுக்க வேண்டிவரும். அப்போது சேதாரம் இரண்டு முறை. இதே கணக்கில் மொத்தச் செலவு ₹1,04,682. காசு வழியாகப் போனதைவிட எட்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக அதிகம். என் பார்வையில், போடும் நாள் தூரத்தில் இருந்தால் காசு, பக்கத்தில் இருந்தால் நகை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் சேதாரம் குறைவான கெட்டி வளையலோ சாதாரண செயினோ எடுத்துவிடலாம். அவை அவ்வளவு சீக்கிரம் பழசாகாது.

முத்திரை இல்லாத காசு

இன்னொரு வேறுபாடு பலருக்கும் தெரியாதது. நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். காசுக்கும் கட்டிக்கும் கட்டாயம் இல்லை.

2021 ஜூன் 16 முதல் நாடு முழுக்கப் படிப்படியாக மாவட்டம் மாவட்டமாக ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்க முடியாது. நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பிஐஎஸ் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எண். பொடியாக இருப்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடையில் பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். "கேடிஎம் நகைங்க" என்று சொல்வது முத்திரைக்குச் சமமல்ல. கேடிஎம் என்பது பற்றவைக்கும் முறையின் பெயராக வந்தது, தரச் சான்று அல்ல.

போனில் BIS Care செயலியைத் திறந்து, Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், எந்தக் கடையின் பதிவு, எந்த மையம் சோதித்தது, என்ன தரம், என்ன வகை நகை என்று காட்டும். தரத்தைப் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிடாதீர்கள். நகை வகையையும் பாருங்கள். கையில் இருப்பது செயின், செயலி காட்டுவது மோதிரம் என்றால், வேறு நகையின் எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயமில்லை. வருட விற்பனை ₹40 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கும் கட்டாயமில்லை. நாம் எடுத்துக்கொண்ட விலையில் ₹40 லட்சம் என்றால் வருடத்துக்கு ஐம்பது பவுன்கூட விற்காத கடை. தினமும் வியாபாரம் நடக்கும் கடையில் இந்தச் சாக்கைச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

காசுக்கு இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது என்பதால் நாம்தான் கேட்க வேண்டும். காசில் 999 என்றோ 995 என்றோ தரம் பொறித்திருக்கிறதா? அது 24 காரட்டா, இல்லை 22 காரட் காசா? நம் கடைகளில் இரண்டும் விற்கிறது, இரண்டும் மஞ்சளாகத்தான் இருக்கும். யார் அச்சடித்தது, வரிசை எண் உண்டா என்று பாருங்கள். வரிசை எண்ணோடு கூடிய மூடிய அட்டையில் வந்தால், அதைப் பிரிக்காதீர்கள். பூஜையில் வைக்க வேண்டுமென்றால் அட்டையோடு வைத்து மஞ்சள் குங்குமம் அட்டைக்கு வையுங்கள். அட்டையைப் பிரித்த காசு, திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி சோதனைக்குப் போகும்.

நகையின் தரத்தில் சந்தேகம் வந்தால், பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். நான்கு நகை வரை ₹200, அதற்கு மேல் நகை ஒன்றுக்கு ₹45, வரி தனி. ஹால்மார்க் நகை, போட்ட முத்திரையைவிடத் தரம் குறைவு என்று தெரிந்தால், 2018ஆம் ஆண்டின் பிஐஎஸ் விதிகள்படி, குறைந்த தரத்துக்கான விலை வித்தியாசத்தைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். ரசீது இல்லாவிட்டால் இதைக் கேட்க வழியே இல்லை. நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக எழுதிய ரசீதாக இருக்க வேண்டும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த பிறகு தங்கத்தின் எடை என்ன என்பதும் அதில் வர வேண்டும்.

நாற்று நடும் நேரத்தில்

நம் ஊரில் தங்கம் வெறும் சேமிப்பு அல்ல. உரம் வாங்க, காலேஜ் ஃபீஸ் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது அடகுக்குப் போய்வரும். இந்த இடத்தில் நகைக்கு இருக்கும் வசதி மற்றவற்றுக்கு இல்லை.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிமுறைகளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1க்குள் முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். அதன்படி ஒருவர் ஒரு கிலோ வரை தங்க நகையை ஈடு வைக்கலாம். காசு என்றால் 50 கிராம் வரைதான். கட்டிக்கு, நாம் பிஸ்கட் என்று சொல்வதற்கு, கடனே கிடையாது. காசிலும் ஒரு சிக்கல். வங்கி விற்ற காசை மட்டுமே எடுப்போம் என்று சொல்லும் கிளைகள் இருக்கின்றன. நீங்கள் வழக்கமாகக் கடன் வாங்கும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ காசை எடுப்பார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மழை தப்பிய வருடத்தில் அவசரமாகக் காசை விற்க வேண்டி வந்தால், சேதாரத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும். வருடா வருடம் அடகு வைத்து மீட்கும் குடும்பத்துக்கு, முழுவதையும் காசாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கே வைப்பது

காசின் வசதியே அதன் ஆபத்தும்கூட. தீப்பெட்டிக்குள் அடங்கும். அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று தேடும் அளவுக்குச் சின்னது. திருடு போனால் இது என் காசுதான் என்று அடையாளம் காட்டுவது கடினம். நகையில் டிசைன் இருக்கிறது, போட்டோவில் போட்டிருக்கிறோம், ஹெச்யூஐடி இருக்கிறது. காசு வைத்திருப்பவர்கள் வரிசை எண்ணையும் ரசீதையும் போட்டோ எடுத்து வேறொருவர் போனிலும் வைப்பது, போலீசில் புகார் கொடுக்க நேர்ந்தால் உதவும்.

வங்கி லாக்கரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. உள்ளே இருப்பது முழுவதற்கும் வங்கி பொறுப்பு என்று நினைக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதே வங்கிக்குத் தெரியாது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு ஏற்பட்டால், வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வாடகை ₹2,000 என்றால் உச்சம் ₹2 லட்சம். நாம் எடுத்துக்கொண்ட விலையில் இது இரண்டரைப் பவுனுக்குக் கிட்ட. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொறுப்பல்ல. அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் தனியாகக் காப்பீடு எடுப்பதைப் பற்றி விசாரிக்கலாம். வாடகையைத் தொடர்ந்து மூன்று வருடம் கட்டாமல் விட்டால் லாக்கரை உடைத்துத் திறக்க வங்கிக்கு உரிமை உண்டு.

கொஞ்சம் பணம் கடன் வாங்கி நகையை வங்கியிலேயே விட்டுவைப்பதும் நம் பக்கம் ஒரு பழக்கம். வட்டி போகும்தான். ஆனால் அங்கே எடையும் தரமும் எழுதிக் கையெழுத்தாகின்றன, பாதுகாப்பு வங்கியின் பொறுப்பு. கடனை அடைத்த ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ₹5,000 இழப்பீடு என்று அதே 2025 விதிமுறைகள் சொல்கின்றன.

நகைக்கும் காசுக்கும் வருமான வரித்துறையின் பார்வையிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சோதனையின்போது திருமணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை கைப்பற்ற வேண்டாம் என்று 1994 மே மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியது. அது நகைகளுக்கு மட்டுமானது, காசும் கட்டியும் அதில் வராது. சாதாரணக் குடும்பத்துக்கு இதனால் பயம் ஒன்றும் இல்லை. காசின் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

லாக்கர் வைத்திருப்பவர்கள் வாரிசு நியமனத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் லாக்கருக்கு நான்கு பேர் வரை, ஒருவருக்குப் பின் ஒருவராக, நியமிக்கலாம். தங்கத்தை மகளுக்கென்று சேர்த்துவிட்டு, லாக்கர் படிவத்தில் பல வருடத்துக்கு முன் எழுதிய வேறு பெயர் இருப்பது அடிக்கடி நடக்கிறது. கடையோடு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். ஹால்மார்க் புகாரை BIS Care செயலியிலேயே ரசீதின் படத்தோடு பதியலாம்.